மூவரும் கையொப்பமிட்டால் காசு பத்திரமா?

சென்ற வாரம் கல்லடிப் பக்கத்துக் குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம் ஒன்றின் பொருளாளர் என் மேசைக்கு வந்தார். மாரிக்கு முன் வடிகானைத் துப்புரவாக்க வீடு வீடாகச் சேர்த்த காசு எங்கள் வங்கியில் கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. செயலாளர் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டார். இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது சங்கம் இது.

பதிவில் குறையில்லை. பிரதேச செயலகம் கொடுத்த சான்றிதழ், யாப்பு, நிர்வாகிகள் பட்டியல், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. பிழை, கணக்குத் திறக்கக் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தில். "தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் கையொப்பமிட்டுக் கணக்கை நடத்துவர்" என்று ஒரே வரி. மூவரில் இருவர் போதும் என்றுதான் நினைத்து எழுதினார்களாம். நினைத்ததை நாங்கள் எப்படி வாசிப்பது? எழுதியபடி மூவரும் வேண்டும்.

"மூன்று பேரும் ஒப்பம் வைத்தால் காசு பத்திரம்தானே, மகன்?" என்று கேட்டார். கணக்குத் திறக்க வரும் எல்லாரும் கேட்பது இதைத்தான். இல்லை ஐயா. மூன்று பேர் கட்டாயம் என்றால், ஒருவர் ஊரில் இல்லாத நாளுக்கென்று முன்கூட்டியே வெற்றுப் படிவத்தில் ஒப்பம் வாங்கி வைப்பீர்கள். அவரும் தன் கோப்பைத் திறந்து காட்டினார். பணம் எடுக்கும் படிவங்கள் இரண்டு, தொகையும் திகதியும் வெறுமை, கீழே நீல மையில் செயலாளரின் ஒப்பம். எதற்கு என்றே தெரியாமல் வைத்த ஒப்பம் எந்தக் காசைக் காக்கும்? அங்கேயே கிழிக்கச் சொன்னேன்.

தீர்மானத்தில் இப்படி எழுதுங்கள்: "பொருளாளருடன், தலைவர் அல்லது செயலாளர் ஆகிய இருவரில் ஒருவர் இணைந்து கையொப்பமிடுவார்." பொருளாளரும் அடிக்கடி வெளியூர் போகிறவரென்றால் "மூவரில் எவரேனும் இருவர்" என்று போடுங்கள். ஒரே வீட்டார் இருவரை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். வங்கி, கிளை, மூவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிரேரித்தவர், ஆமோதித்தவர் எல்லாம் கூட்ட அறிக்கையில் இருக்க வேண்டும். சங்கத்தின் பெயர் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. யாப்பில் வேறு விதமாக இருந்தால் முதலில் யாப்பைத் திருத்துங்கள்.

இதெல்லாம் அலைச்சல் என்று பொருளாளரின் சொந்தப் பெயரில் திறக்கவே வேண்டாம். அவர் கண்மூடினால் அந்தக் காசு அவருடைய சொத்தோடு சேர்ந்துவிடும்.

கல்லடிக்காரர் செயற்குழுக் கூட்ட அறிக்கையோடு திரும்பி வந்தார். அவர்களுடைய யாப்பு பொதுக்கூட்டம் கேட்கிறது. முதல் பொதுக்கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, அடுத்ததைக் கூட்டியிருக்கிறார்கள். புதுச் செயலாளரைத் தெரிவு செய்து, அந்தத் தீர்மானம் எங்கள் கைக்கு வரும்வரை பழைய ஒப்பம்தான் செல்லும்.

கூட்டத்துக்கு முன்பே அந்த வரியை ஒரு தாளில் எழுதி உங்கள் வங்கிக் கிளையில் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.