தொப்பிக்கு Drop Shadow போட்டால் நெற்றியில் நிழல் விழாது

இந்த வாரமும் ஒரு படம் வந்தது. முகப்படத்தில் முன்விளிம்பு நீண்ட தொப்பி ஒன்றை வைத்துவிட்டு, "ஏதோ ஒட்டவைத்தது போல இருக்கிறது, சரிசெய்து கொடுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் அதே கோளாறு. ஃபோட்டோஷாப்பில் தொப்பி லேயருக்கு Drop Shadow கொடுத்து அதோடு விட்டுவிட்டார்கள்.

Drop Shadow தொப்பியின் வெளிவடிவத்தை நகலெடுத்து, கொஞ்சம் நகர்த்தி, மங்கலாக்கித் தொப்பிக்கு அடியில் வைக்கிறது. அவ்வளவுதான். கீழே இருப்பது நெற்றியா, காதா, தலைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் சுவரா என்று அதற்குத் தெரியாது. எல்லாமே அதற்கு ஒரே தட்டையான தாள். அதனால்தான் சுவரிலும் தொப்பியை ஒட்டி ஓர் அழுக்குக் கோடு வருகிறது. "Size-ஐக் கூட்டினால் சரியாகிவிடுமே" என்று பலர் சொல்கிறார்கள். ஆகாது. தொப்பியின் பட்டை நெற்றியைத் தொடும் இடத்தில் நிழல் மெல்லியதாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். முன்விளிம்போ நெற்றியை விட்டு முன்னே நீண்டிருக்கிறது, அதன் நிழல் அகலமாக, ஓரம் மென்மையாக விழும். இந்த இரண்டையும் ஒரே எண்ணை வைத்து எப்படிக் கொண்டுவருவது? நிழலைத் தனி லேயரில், கையால்தான் வரைய வேண்டும்.

வரையும் முன் மூக்கைப் பாருங்கள். வந்த படத்தில் மூக்கின் நிழல் வலது பக்கம் கீழே சாய்ந்திருந்தது. அப்படியென்றால் வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது, தொப்பியின் நிழலும் வலப்பக்கம்தான் கீழே இறங்க வேண்டும். இடது நெற்றிப்பொட்டில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே புகும். நிழலின் ஓரத்தை நேர்கோடாக இழுக்காதீர்கள். நெற்றியின் வளைவோடு போய், புருவ மேட்டைத் தாண்டியதும் கண்குழிக்குள் இறங்கட்டும்.

அடுத்து நிறம். கறுப்பை எடுத்து 40 சதவீதம் பூசினால் நெற்றி சாம்பல் பூத்தது போலாகிவிடும். அதே முகத்தில் உண்மையான நிழல் தாடைக்குக் கீழே இருக்கிறது, அதை அளந்து பாருங்கள். இந்தப் படத்தில் நெற்றியின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் 214, 168, 140. தாடைக்கீழ் 128, 84, 66. சிவப்பு 0.6 மடங்காகத்தான் குறைந்திருக்கிறது, பச்சை பாதியாகிவிட்டது, நீலம் அதற்கும் கீழே போயிருக்கிறது. இந்த மடங்குகளை 255-ஆல் பெருக்கினால் 153, 128, 120 என்ற நிறம் கிடைக்கும். அதை Multiply லேயரில் பூசினால் நெற்றி அதே தாடைக்கீழ் நிறத்துக்கு வந்துவிடும். பட்டையை ஒட்டிய மெல்லிய அடர்கோட்டுக்கு இன்னொரு லேயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணின் ஒளிப்புள்ளியை மறந்துவிடாதீர்கள். கண் முழுக்க நிழலுக்குள் இருக்கும்போது மேல்பாதியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப்புள்ளி மின்னினால் படம் பொய் சொல்கிறது என்று அர்த்தம். அந்த விளக்கைத்தானே முன்விளிம்பு மறைத்திருக்கிறது? புள்ளியை மங்கலாக்குங்கள், இல்லையென்றால் தொப்பியைக் கொஞ்சம் ஏற்றி நிழலைப் புருவத்தோடு நிறுத்துங்கள். முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்து எடுத்த படமானால் நெற்றியில் அகலமான நிழலே வேண்டாம், பட்டையின் அடிக்கோடு மட்டும் போதும்.

அப்புறம் முடி. தொப்பி உட்காருவது மண்டையில், முடியின் மேல் அல்ல. முடி புசுபுசுவென்று நிற்கும் உயரத்துக்குத் தொப்பியை வைத்தால் தலை நீண்டுபோகும். அதைக் கீழே இறக்குங்கள். வெளியே துருத்தும் முடியை Liquify-இல் உள்ளே தள்ளுங்கள், மிச்சத்தைப் பின்னணியால் மூடுங்கள். பட்டை இறுக்கும் இடத்தில் முடி அமுங்கியிருக்க வேண்டும், அதற்குக் கீழே, காதுக்கு மேல், மறுபடியும் லேசாக விரிய வேண்டும். அந்த முடி பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பும் இடத்தைக் கொஞ்சம் கருமையாக்கினால்தான் உள்ளே செருகியது போலத் தெரியும். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள், முடி கத்தரித்து ஒட்டியது போல நிற்கிறது.

நெற்றியை மறைத்து முன்முடி விழுந்திருக்கும் படமா? அதை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு இல்லாத நெற்றியை வரையப் புறப்படாதீர்கள், தோலின் நுண்மை பொருந்தாது. முன்முடி பட்டைக்கு அடியிலிருந்து இறங்கட்டும், நிழல் அதன் மேல் விழட்டும்.

அந்தப் படத்தை நான் முழுமையாகத் திருத்தித் தர முடியவில்லை. லேயர்களை எல்லாம் ஒன்றாக்கித்தான் அனுப்பியிருந்தார்கள், தொப்பிக்கு அடியில் என்ன முடி இருந்தது என்றே தெரியவில்லை. தயவுசெய்து மூலப்படத்தை ஒரு லேயராக அடியில் விட்டுவையுங்கள்.