பிக்மேலியன் விளைவு: சொல்லும் பொருளும், வகுப்பறையில் அதைப் பார்க்கும் வழியும்

பி.எட். பாடநூல்களில் கல்வி உளவியல் பகுதியில் ‘பிக்மேலியன் விளைவு’ என்று ஒரு தலைப்பு வரும். ஒரு மாணவன் நன்றாகப் படிப்பான் என்று ஆசிரியர் எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்பின் காரணமாகவே அவன் கொஞ்சம் கூடுதலாகப் படிக்கிறான். தேற மாட்டான் என்று நினைத்தால் அதுவும் அப்படியே நடக்கக்கூடும். கீழ்நோக்கி இழுக்கும் இந்த இரண்டாவது வகைக்குக் ‘கோலெம் விளைவு’ என்று தனிப்பெயர் உண்டு. அது யூதக் கதைகளில் வரும் களிமண் உருவத்தின் பெயர்.

பிக்மேலியன் யார்? ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில் அவன் சைப்ரஸ் தீவைச் சேர்ந்த ஒரு சிற்பி. தான் தந்தத்தில் செதுக்கிய பெண் சிலையின் மேல் காதல் கொண்டு வேண்ட, தேவி வீனஸ் அதற்கு உயிர் கொடுக்கிறாள். பெர்னார்ட் ஷா 1913-இல் மேடையேறிய தன் நாடகத்துக்கு இதே பெயரை வைத்தார். அதில் பூ விற்கும் பெண் ஒருத்தி, சீமாட்டிக்கும் பூக்காரிக்கும் வேறுபாடு அவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதில் இல்லை, மற்றவர்கள் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று சொல்கிறாள். உளவியலுக்குள் வந்த பெயர் பெரும்பாலும் இந்தப் பூக்காரியின் வழியாக வந்தது. சிற்பி கதையை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் ‘ஆசைப்பட்டால் நடக்கும்’ என்பதுபோல் ஆகிவிடும். ‘நடத்தப்படுவது’ என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘எதிர்பார்ப்பு விளைவு’ என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும். மருந்து வேலை செய்யும் என்று நோயாளி தானே எதிர்பார்ப்பதையும் அப்படிச் சொல்ல முடியும். இங்கே எதிர்பார்ப்பு ஒருவருடையது, விளைவு இன்னொருவரிடம். அதனால் ‘ஆசிரியர் எதிர்பார்ப்பு விளைவு’ என்று முழுதாக எழுதுவதே சரி. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் எழுதிய கட்டுரையில் இதைவிட அகலமான ஒரு கருத்து இருக்கிறது: ஒரு கணிப்பு தொடக்கத்தில் பொய்யாக இருக்கும், ஆனால் அதை நம்பி ஆட்கள் நடந்துகொள்வதால் கடைசியில் மெய்யாகிவிடும். ‘தன்னைத் தானே நிறைவேற்றும் முன்கணிப்பு’ என்பதைவிட அதற்குத் ‘தானே பலிக்கும் கணிப்பு’ என்பது வாயில் நிற்கும். ஊரில் ‘கருநாக்கு’ என்பார்களே, அது வேறு. கருநாக்கில் சொன்னது சொன்ன மாத்திரத்தில் பலிக்கிறது. இதில் நடுவில் ஒரு பாலம் இருந்தாக வேண்டும். அந்தப் பாலம் ஆசிரியரின் நடத்தை.

பெயர் பிரபலமான இடம் கலிஃபோர்னியா. ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ரோசென்தால் அதற்கு முன் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார். ஒரே வகை எலிகளைப் பிரித்துக் கொடுத்து, இவை கெட்டிக்கார எலிகள், அவை மந்த எலிகள் என்று மாணவர்களிடம் சொன்னால், ‘கெட்டிக்கார’ எலிகள் உண்மையிலேயே சிக்கல்பாதையில் வேகமாக வழி கண்டுபிடித்தன. அவருக்கு ஒரு தொடக்கப்பள்ளியின் முதல்வர் லெனோர் ஜேக்கப்சன் கடிதம் எழுத, இருவரும் சேர்ந்து 1964-இல் அதே கேள்வியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். ஒன்று முதல் ஆறு வரை 18 வகுப்புகள். ஒரு பொதுத்திறன் தேர்வை நடத்திவிட்டு, ‘இனி மலரப் போகும் பிள்ளைகளைக் காட்டும் தேர்வு இது’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்தார்கள். அந்தப் பெயர்கள் குலுக்கல் போட்டு எடுத்தவை.

அடுத்த ஆண்டு அதே தேர்வை மறுபடி வைத்தபோது, முதல் வகுப்பில் பெயர் சொல்லப்பட்ட பிள்ளைகள் நுண்ணறிவு ஈவில் சராசரியாக 27 புள்ளி ஏறியிருந்தார்கள், மற்றவர்கள் 12. இரண்டாம் வகுப்பிலும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. மூன்று முதல் ஆறு வரை சொல்லும்படியாக எதுவும் இல்லை. 1968-இல் புத்தகம் வந்ததும் முதல் பாதிச் செய்திதான் உலகம் சுற்றியது. இன்றும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள்.

(தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளைக் கௌரவமாகக் குறிக்க ‘மெல்ல மலரும் மாணவர்’ என்கிறோம். அங்கே ‘மலர்வார்’ என்ற சொல் எதிர்பார்ப்பை ஏற்றியது. இங்கே அதே மலர் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஒருவர் ஆராய்ந்தால் நல்லது.)

மறுப்பு உடனே வந்தது. ராபர்ட் தார்ண்டைக் என்ற அளவீட்டு அறிஞர் எண்களைப் பிரித்துப் பார்த்து, ஒரு முதல் வகுப்பில் தர்க்கப் பகுதியின் சராசரி ஈவு 31 என்று இருப்பதைக் காட்டினார். பள்ளிக்கு நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு 31 என்றால், அந்தத் தேர்வு அந்த வயதுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் இதுபோன்ற 18 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஆசிரியர் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய பிறகு பொய்ப்பட்டியலைக் கொடுத்தால் விளைவு ஏறக்குறைய இல்லை. பிள்ளையை அறியாதபோதுதான் பட்டியல் வேலை செய்கிறது. பின்னால் வந்த தொகுப்பாய்வுகள், விளைவு உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியது என்கின்றன. அதோடு ஆசிரியரின் எதிர்பார்ப்பு பல நேரம் சரியாகவே இருக்கிறது. ‘இவன் நன்றாகச் செய்வான்’ என்றார், செய்தான் என்றால், அவர் உருவாக்கினாரா, சரியாகக் கண்டுபிடித்தாரா?

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மாணவர் இதைச் செயலாய்வுக்கு எடுத்தால் முதலில் மோதப் போவது இந்தக் கேள்வியில்தான். வழக்கமாகச் செய்வது இப்படி இருக்கும்: ஆசிரியரிடம் யார் யார் நன்றாகப் படிப்பார்கள் என்று கேட்பது, காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது, இரண்டும் ஒத்துப்போகிறது என்று எழுதுவது. அதில் ஒன்றும் நிறுவப்படவில்லை. பழைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தாலும் சிக்கல் தீராது. 0.2 அளவுள்ள ஓர் ஒட்டுறவை நம்பகமாகப் பிடிக்கவே ஏறக்குறைய 200 மாணவர்கள் வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பேர்தான் இருப்பார்கள். பொய்ப்பட்டியல் கொடுத்துப் பார்க்கலாமா என்றால், கூடாது. பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு அது இழப்பு, ஆசிரியரை ஏமாற்றுவது வேறு.

அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் பாலத்தை அளக்க வேண்டும். எதிர்பார்ப்பு எந்த வழியாக நடத்தையாக மாறுகிறது என்பது ஒரு வகுப்பிலேயே கண்ணுக்குத் தெரியும், எண்ணவும் முடியும். ஜெர் பிராஃபி, தாமஸ் குட் இருவரும் 1970-இல் முதல் வகுப்பின் நான்கு பிரிவுகளில் இதைத்தான் செய்தார்கள். ஆசிரியர் வரிசைப்படுத்திய பட்டியலில் மேலே இருந்தவர்களையும் கீழே இருந்தவர்களையும் எடுத்து, ஒவ்வொரு கேள்வி பதிலையும் தனித்தனியாகக் குறித்தார்கள்.

நம் மாணவர் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர், பாட ஆசிரியர், பெற்றோர் மூவரிடமும் அனுமதி வாங்குகிறார். ஆசிரியரிடம் ‘வகுப்பில் கேள்வி பதில் எப்படி நடக்கிறது என்று கவனிக்கிறேன், முழு விவரத்தைக் கடைசியில் சொல்கிறேன்’ என்கிறார். இது பொய் இல்லை, பாதிச் செய்தி. பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதில் இருக்கை எண். வகுப்பின் எதிர்பார்ப்பு வரிசையை ஆசிரியரிடமிருந்து வாங்குவது இவர் அல்ல, இவருடைய நண்பர். அவர் அதை உறையில் போட்டு ஒட்டி வைத்துவிடுகிறார். கவனிப்பு முழுதும் முடியும்வரை இவர் அதைப் பார்ப்பதில்லை. எலிச் சோதனை யாரை அம்பலப்படுத்தியது என்று யோசித்தால் இதன் தேவை புரியும். யார் ‘கீழ்’ என்று முன்பே தெரிந்தால், ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் காட்டும் சின்ன முகச்சுளிப்பும் நம் தாளில் ஏறிவிடும்.

முதல் மூன்று பாடவேளைகளின் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். பின்பெஞ்சில் புதிதாக ஓர் ஆள் இருந்தால் ஆசிரியர், பிள்ளைகள் யாருமே இயல்பாக இருக்க மாட்டார்கள். அப்புறம் பத்து வேளை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எந்த இருக்கை, கை தூக்கினானா ஆசிரியரே கூப்பிட்டாரா, பதில் வரும்வரை எத்தனை நொடி காத்திருந்தார், பதில் சரியா தவறா மௌனமா, அதற்குப் பின் ஆசிரியர் என்ன செய்தார். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். கேள்வியை மாற்றிக் கேட்டாரா, குறிப்புக் கொடுத்தாரா, அல்லது ‘உட்கார்’ என்று அடுத்தவரிடம் போனாரா? இரண்டு வேளைக்காவது இன்னொருவரும் பக்கத்தில் இருந்து தனியாகக் குறிக்க வேண்டும். இருவர் தாளும் ஐந்தில் நான்கு வரியிலாவது ஒத்துப்போகவில்லை என்றால், எதை எப்படிக் குறிப்பது என்ற வரையறை தெளிவாக இல்லை.

உறையைப் பிரித்து மேல் 12 பேர், கீழ் 12 பேர் என்று எடுக்கிறார். கணக்குப் புரிவதற்காகக் கற்பனை எண்களைச் சொல்கிறேன். மேல் பிள்ளைகளுக்கு 60 கேள்வி, அதில் 15 தவறு, அந்தப் பதினைந்தில் 9 முறை ஆசிரியர் மறுவாய்ப்புக் கொடுத்தார். கீழ்ப் பிள்ளைகளுக்கு 40 கேள்வி, 24 தவறு, 10 முறை மறுவாய்ப்பு. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் 10, 9-ஐவிடப் பெரியது, கீழ்ப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் உதவினார் என்று தோன்றும். தவறிய முறைகளால் வகுத்தால் மேலே 60 விழுக்காடு, கீழே 42. கதையே திரும்பிவிடுகிறது. வாய்ப்பால் வகுக்காத எந்த எண்ணும் இந்த ஆய்வில் நம்பத்தக்கதல்ல. ஆனால் 15-உம் 24-உம் சின்ன எண்கள். மேலே இரண்டு முறை குறைந்து கீழே இரண்டு முறை கூடியிருந்தால் 47-உம் 50-உம் ஆகி, வித்தியாசம் மறைந்து கொஞ்சம் எதிர்ப்பக்கமே சாயும். ஆகவே இன்னும் சில வேளை உட்கார வேண்டும், அல்லது அறிக்கையில் ‘சாய்வு தெரிகிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருக்கையையும் பார்க்க வேண்டும். கீழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கடைசி வரிசை என்றால், ஆசிரியருக்கு அவர்கள் குரல் கேட்கவே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வித்தியாசம் உறுதியானாலும் அது ஆசிரியர் பாரபட்சமானவர் என்பதற்குச் சான்று ஆகாது. மௌனமாக நிற்கும் பிள்ளையைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தே பலர் சீக்கிரம் உட்கார வைக்கிறார்கள். இதை அவரிடமே கேட்டு எழுத வேண்டும். அட்டவணையை முதலில் காட்ட வேண்டியதும் அவரிடம்தான். தலைமையாசிரியரின் மேசைக்கு அவர் பெயரோடு அது போகக் கூடாது, அறிக்கையில் பள்ளியின் பெயரும் இருக்கக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டால், கேள்வி கேட்டபின் மூன்று நொடி காத்திருப்பது என்று ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யச் சொல்லி, இன்னும் ஐந்து வேளை அதே தாளில் குறிக்கலாம். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் இந்த இரண்டாம் பகுதியை முதல் பகுதியோடு கூட்டாமல் தனி அட்டவணையாகத் தர வேண்டும்.