மரபுவழி மொழி: முதுசமா, தேடிய தேட்டமா?

'ஹெரிடேஜ் லாங்குவேஜ்' என்ற தொடர் கல்வித் துறையில் வேரூன்றியது கனடாவில். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியைக் கற்பிக்க ஒன்ராறியோ மாகாணம் 1977இல் தொடங்கிய திட்டத்துக்கு இந்தப் பெயர்தான். பின்னர் 1990களில் அதே மாகாணம் அதைப் 'பன்னாட்டு மொழிகள்' என்று மாற்றிக்கொண்டது. கைவிடப்பட்ட பெயரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எடுத்து வளர்த்தன. ஆஸ்திரேலியர்கள் இன்றும் 'சமூக மொழி' என்றே சொல்கிறார்கள்.

'ஹெரிடேஜ்' என்பதன் வேர், வாரிசைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆக, இது சொத்து பற்றிய சொல். தமிழில் இதைப் 'பாரம்பரிய மொழி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. படிக்கும்போது அருங்காட்சியக வாடை அடிக்கிறது. 'தாய்மொழி' என்றால், டொரன்டோவில் பிறந்து ஆங்கிலத்திலேயே கனவு காணும் பிள்ளைக்கு அது பொருந்துமா என்ற வழக்கு எழும். 'மரபுமொழி'யோ, மரபுத்தொடரை நினைவூட்டிக் குழப்புகிறது. 'மரபுவழி மொழி' என்பதே என் தேர்வு. குடும்ப வழியில் வந்தது என்று மட்டும் அது சொல்கிறது. பேசத் தெரியுமா என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆனால் சொல்லின் உள்ளே இருக்கும் சிக்கலைக் காட்ட யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், பெற்றோர் வழி வரும் சொத்தை 'முதுசம்' என்றும், மணவாழ்க்கையில் ஈட்டியதைத் 'தேடிய தேட்டம்' என்றும் பிரிக்கிறது. கல்வியாளர்களும் ஏறக்குறைய இதே பிரிவைத்தான் வைத்திருக்கிறார்கள். குறுகிய பொருளில், மரபுவழி மொழி மாணவர் என்பவர் அம்மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்தவர். பேசுவார், அல்லது கேட்டால் புரிந்துகொள்ளவாவது செய்வார். விரிந்த பொருளில், குடும்ப உறவு இருந்தால் போதும், ஒரு சொல்லும் தெரிய வேண்டியதில்லை. முதல் வகைப் பிள்ளை முதுசத்தோடு வருகிறது. இரண்டாம் வகைப் பிள்ளை எல்லாவற்றையும் தேட வேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருவரும் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். ஒன்ராறியோவில் போதிய எண்ணிக்கையில் பிள்ளைகளுக்காகக் கோரிக்கை வந்தால் பள்ளி வாரியம் வகுப்பு நடத்த வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சேர்க்கும்போது யாரும் தரம் பார்ப்பதில்லை. பிறகு வயதை வைத்துப் பிரித்து, 'அ, ஆ' எழுதச் சொல்லி நிலையைச் சோதிக்கிறார்கள். இது தவறான அளவுகோல். அம்மம்மாவோடு வளர்ந்து எல்லாம் புரிந்தும் எழுத்தறியாத பிள்ளை, ஒன்றுமே தெரியாத பிள்ளையோடு அடிமட்டத்தில் விழுகிறது. ஒரு சிறுமியின் படத்தைக் காட்டி, "இந்தப் பெட்டையிட்டை என்ன இருக்கு?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது.

பிறமொழியாகக் கற்பவருக்கு எழுத்து, சொல், வாக்கியம் என்று கீழிருந்து கட்டுவது வழக்கம். கேட்டு வளர்ந்தவருக்கு முழுப் பேச்சிலிருந்து தொடங்கி, இலக்கணத்தை அதற்குள்ளிருந்து எடுக்க வேண்டும் என்று மரபுவழி மொழிக் கல்வி ஆய்வாளர் ஓல்கா கேகன் போன்றவர்கள் வாதிட்டார்கள். கலப்பு வகுப்பில் இரண்டையும் ஒரே பொருளில் செய்யலாம். புட்டு அவிப்பதை ஒரு பாட்டி சொல்லும் ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். மாவை வறுத்து, சுடுதண்ணீர் விட்டுக் குழைச்சு, தேங்காய்ப்பூ போட்டு, நீத்துப்பெட்டியில் அவிச்சு எடுக்கிறார். புதிதாகக் கற்கும் பிள்ளை அதைக் கேட்டபடி படங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொரு வினையையும் சொல்லும். புரிந்தும் பேசாத பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்லும். அண்மையில் ஊரிலிருந்து வந்து நன்றாக வாசிக்கும் பிள்ளை எழுத்துத் தமிழில் எழுதும்.

எழுதும்போது 'குழைச்சு' குழைத்து ஆகிறது, 'அவிச்சு' அவித்து ஆகிறது. 'வறுத்து' மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். படிச்சு, அடிச்சு, எடுத்து என்று தம் வீட்டுச் சொற்களை அடுக்கினாலே, முன்னால் இகரமோ ஐகாரமோ வரும்போது 'த்து' பேச்சில் 'ச்சு' ஆகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். யாழ்ப்பாண வீடு, சென்னை வீடு இரண்டுக்கும் இந்த விதி பொதுவானது. "குழைச்சு தப்பு" என்று சிவப்புப் பேனாவால் அடித்தால், வீட்டில் கேட்டது பிழை என்று பிள்ளை முடிவுசெய்து வாயை மூடிக்கொள்ளும். அது எழுத்துப் பிழையை விடப் பெரிய நட்டம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. நன்றாகப் பேசும் பிள்ளை மூன்றாவது வாரமே மொழிபெயர்ப்பாளராகிவிடும். புதிய பிள்ளை ஆசிரியரை விட்டு அதன் முகத்தையே பார்க்கும். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் பாடத்தின் முதல் பாதியில் இருவரையும் வேறு மேசைகளில் அமர்த்தி, தனித்தனி வேலை முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். புதிய பிள்ளையின் கையில் மற்றவரிடம் இல்லாத ஏதாவது இருக்க வேண்டும்: அளவுகள் எழுதிய அட்டை அதனிடம் மட்டும் இருந்தால், "எத்தனை சுண்டு மா?" என்று மற்றவர்கள் அதைத்தான் கேட்டாக வேண்டும்.