சோன் பப்டி ஏன் கல்லாகிறது?

தீபாவளிக்கு வந்த சோன் பப்டி டப்பாவைத் திறந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ந்து கட்டியாகிவிடுகிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்மையில் அது காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் கட்டியாகிறது. எப்படி என்பதற்கு, நூல் உருவாகும் இடத்திலிருந்து வர வேண்டும்.

கால் கிலோ சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பாகு 125 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் கெட்டி உருண்டையாகத் திரளும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கிறது. வேறு வேறு மூலக்கூறுகள் கலந்திருப்பதால் படிகம் கட்டுவது தடைபடுகிறது. சாறு போடாவிட்டால் இழுக்கும்போதே பாகு மண் மண்ணாகப் பூத்துப்போகும். அதிகம் போட்டால் பிரக்டோஸ் கூடி, நூல் சீக்கிரமே பிசுபிசுக்கும்.

இன்னொரு அடுப்பில் கடலை மாவும் மைதாவும் 125 கிராம் வீதம், 150 கிராம் நெய்யில் பச்சை வாசனை போகும்வரை வறுபடுகின்றன. நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டிய பாகைக் கை பொறுக்கும் சூட்டில் இழுத்து இழுத்து மடித்தால், காற்றுக் குமிழிகள் புகுந்து வெள்ளையாகிறது. அதை வளையமாக்கி, வெதுவெதுப்பான மாவுக்குள் வைத்து இழுக்க வேண்டும். மாவு ஆறியிருந்தால் அது பாகின் சூட்டை உறிஞ்சிவிடும். நூல் படக்கென்று அறுந்துபோகும்.

இனி வருவதுதான் அழகான கட்டம். வளையம் 2 சென்டிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் சுற்றளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு இரட்டிக்கும்வரை இழுத்து, எட்டுப் போல முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் இழை இரண்டு. மறுபடி செய்தால் நான்கு. 12ஆவது மடிப்பில் 4,096 இழைகள், ஒவ்வொன்றும் சுமார் 0.3 மில்லிமீட்டர். 14ஆவதில் 16,384 இழைகள், 0.16 மில்லிமீட்டர், தலைமுடியைப் போல இரண்டு மடங்கு தடிமன்தான்.

இவ்வளவு மெலிந்தும் அறுந்துபோகாததற்குக் காரணம், பாகு தன்னைத் தானே திருத்திக்கொள்வது. ஓரிடத்தில் இழை மெலிந்தால் அந்த இடம் முதலில் ஆறும். ஆறினால் விறைக்கும். விறைத்த இடம் மேலும் நீளாது. அடுத்த இழுப்பு இன்னும் சூடாக இருக்கும் தடித்த பகுதிக்குப் போய்விடும். அப்படியே எல்லா இடமும் சமமாகிறது. பாகு நன்றாக ஆறிய பிறகு இந்தத் திருத்தம் நடக்காது, முறிவுதான் நடக்கும். அதனால் மொத்த வேலையும் சில நிமிடங்களில் முடிந்தாக வேண்டும்.

ஒவ்வொரு மடிப்பிலும் மேற்பரப்பு சுமார் 1.4 மடங்கு கூடுகிறது. முதலில் 380 சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு, 12 மடிப்பில் 64 மடங்காகி, இரண்டரைச் சதுர மீட்டரை நெருங்கிவிடும். புதிதாகத் திறக்கும் அந்தப் பரப்பு முழுவதையும் நெய் மாவு மூட வேண்டும். மூடாத இடத்தில் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மடிப்புக்கும் மாவைத் தூவிப் புரட்டுவது இதற்காகத்தான்.

கெட்டியாவதற்கும் அதே பரப்புதான் காரணம். ஆறிய நூல் ஒருவகைக் கண்ணாடி: மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்த நிலை. அதில் ஏற்கெனவே சில சதவீதம் தண்ணீர் இருப்பதால், அறைச் சூட்டில் அது மயிரிழையில்தான் விறைப்பாக நிற்கிறது. ஐப்பசி மழைக்காலக் காற்று பட்டால் இத்தனை பரப்பும் ஈரத்தை இழுக்கும். இழைகள் இளகித் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். இளகியதும் அசைய இடம் கிடைத்த சர்க்கரை மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாகின்றன. படிகத்துக்குள் தண்ணீருக்கு இடமில்லை. வெளியே தள்ளப்படும் அந்த நீர் பக்கத்து இழையை இளக்க, அதுவும் படிகமாகிறது. இப்படிச் சங்கிலியாகப் பரவித்தான் துண்டு முழுவதும் கல்லாகிறது.

பழசு, கலப்படம் என்று உடனே பழிபோடுவது நியாயமில்லை. கட்டியை உடைத்துப் பாருங்கள். நூல் தெரியாமல் பொடிப்பொடியாக மினுங்கினால் அது படிகம்; திரும்ப நூலாகாது. நூல் தனித்தனியாகத் தெரிந்து, உள்ளங்கைச் சூட்டில் இளகினால் உறைந்தது கொழுப்பு மட்டும்தான். டால்டாவில் செய்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இப்படி ஆகும். வெளியே எடுத்துச் சற்று நேரம் விட்டால் சரியாகிவிடும். ஆனால் டப்பாவைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். குளிர்ந்த துண்டின்மேல் காற்றின் ஈரம் துளியாகப் படிந்தால் மறுநாள் அதுவும் படிகக் கட்டிதான்.