சோஷியல் லோஃபிங்: குழுச் சோம்பலா, குழு நெறியா?

தனியாகச் செய்யும்போது காட்டும் முயற்சியை, அதே வேலையைக் கூட்டாகச் செய்யும்போது ஒருவர் குறைத்துக்கொள்வதுதான் சோஷியல் லோஃபிங். நம் ஊரில் வசவாகப் புழங்கும் 'லோஃபர்' இருக்கிறதே, அதன் உறவுக்காரச் சொல்தான் 'லோஃபிங்'. வேலைவெட்டி இல்லாமல் திரிவது என்ற பொருளில் அது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலத்தில் பரவியது. உளவியலுக்குள் அதைக் கொண்டுவந்தவர்கள் பிப் லட்டனே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீஃபன் ஹார்கின்ஸ் ஆகிய மூவர். ஆண்டு 1979.

விஷயம் அதைவிடப் பழையது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். 1913இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது அவர்களின் தனித்தனி வலுவைக் கூட்டினால் வருவதில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. ஆனால் அதை முழுக்கச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. எல்லாரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுக்காவிட்டாலும் விசை வீணாகும். மூவர் குழு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. கண்ணைக் கட்டி, காதில் இரைச்சல் ஒலிக்கும் ஹெட்ஃபோன் மாட்டி, 'இன்னும் ஐந்து பேர் உங்களோடு கத்துகிறார்கள்' என்று ஒருவரை நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் மட்டும்தான் கத்தினார். ஒத்திசைவுக் குழப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. அப்படியும் சத்தம், தனியாகக் கத்தியதில் 74 விழுக்காடாகக் குறைந்தது. இந்தக் குறைவுதான் சோஷியல் லோஃபிங்.

தமிழில் 'சமூகச் சோம்பல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒரு சமூகமே சோம்பிக் கிடப்பதுபோல் ஒலிக்கிறது. 'கழப்பு' என்ற நல்ல வழக்குச் சொல் உண்டு, ஆனால் அதில் தெரிந்தே ஏய்க்கும் தொனி இருக்கிறது. இங்கே பலருக்குத் தாம் குறைத்துக்கொண்டதே தெரிவதில்லை. எனவே 'குழுச் சோம்பல்' பொருத்தம். இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள், குழுவை விட்டுப் போக எவ்வளவு தயங்குகிறார்கள் என்பது 'குழுப் பிணைப்பு'. மற்றது 'நார்ம்'. அது வந்தது தச்சரின் மூலைமட்டத்தைக் குறித்த 'நோர்மா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. எது சரி, எது கோணல் என்று குழு தானே வைத்துக்கொள்ளும் எழுதாத அளவுகோல் அது. 'குழு நெறி' போதும்.

ஒரு பணிக்குழுவைப் பற்றிய விவரத்தைப் படிக்கும்போது இவை ஒன்றோடொன்று குழம்பும். இப்படி ஒரு குழுவை எண்ணிக்கொள்வோம். ஆறு பேர், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். புகார்கள் ஒரே பொதுப்பெட்டியில் விழுகின்றன. மேலாளருக்குக் குழுவின் மொத்தக் கணக்கு மட்டுமே போகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 30 பதிலாவது எழுத முடியும், ஆனால் எல்லாரும் 20 அருகிலேயே நிற்கிறார்கள். சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யாரும் வேறு பிரிவுக்குப் போக விரும்புவதில்லை. புதிதாக வந்த பெண் 35 எழுதினார். முதல் வாரம், "என்ன இவ்வளவு அவசரம்?" என்று கிண்டல். அடுத்த வாரம் சாப்பிடக் கூப்பிடவில்லை. மூன்றாம் வாரம் அவரும் 20க்கு வந்துவிட்டார்.

பொதுப்பெட்டி, மொத்தக் கணக்கு என்றதும் பலர் குழுச் சோம்பல் என்று எழுதிவிடுவார்கள். தனி உழைப்பு தெரியாத இடத்தில் அது வளரும் என்பது சரிதான். ஆனால் சோம்பலுக்குக் கிண்டல் எதற்கு? இன்னொருவர் கூடுதலாகச் செய்தால் சோம்புகிறவருக்கு லாபம்தானே! மீறினால் தண்டனை இருக்கிறது என்றால் அங்கே நெறி வேலை செய்கிறது. கூப்பிடாமல் விட்டதே தண்டனையாக உறைத்தது என்றால் பிணைப்பு வலுவாக இருக்கிறது. இன்னொரு தடயம், எண்களின் பரவல். சோம்பலில் ஒருவர் 28, ஒருவர் 12 என்று சிதறும் வாய்ப்பு அதிகம். பிணைப்புள்ள குழுவில் எண்கள் நெருங்கி நிற்கும். தொழிற்சாலைக் குழுக்களை ஆராய்ந்து ஸ்டான்லி சீஷோர் 1954இல் கண்டதும் இதுதான். பிணைப்பு உற்பத்தியை உயர்த்தும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நெறி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் எல்லாரையும் சேர்த்து நகர்த்தும், அவ்வளவுதான்.

சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் 14 பேரைக் கவனித்தபோதும் இப்படித்தான் நடந்தது. அதிகம் செய்தவருக்குப் பட்டப்பெயரும், மேற்கையில் ஒரு குத்தும் கிடைத்தன. அங்கே தனிநபர் உற்பத்தி பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. எனவே தனி உழைப்பு தெரியாததால் வந்த சோம்பல் என்று அதைச் சொல்ல முடியாது.

இன்னமும் சந்தேகம் இருந்தால் நம் ஆறு பேருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துப் பார்க்கலாம். எண்கள் 30ஐ நோக்கி ஏறினால் அது பெரும்பாலும் சோம்பல். 20ஐ விட்டு நகரவில்லை என்றால் நெறி. அப்போது கணக்கை விட்டுவிட்டு, அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதிகம் செய்தால் இலக்கை உயர்த்திவிடுவார்கள் என்ற பயம் பல இடங்களில் அதன் பின்னால் இருக்கும்.