தபால்காரருக்காகக் காத்திருக்காதீர்கள்

“ஆணை இன்னும் தபாலில் வரவில்லையே சார்” என்று மார்ச் மாதம் ஒரு இரும்புக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருடைய முதல் மேல்முறையீட்டைத் தள்ளிய அந்த ஆணை, அக்டோபர் 8ஆம் தேதியே அவருடைய வருமான வரிக் கணக்கில் பதிவு செய்திருந்த மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. அந்த முகவரி பழைய ஆடிட்டருடையது. இந்த மாதத்தில் இப்படி எத்தனை பேர் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முதல் மேல்முறையீடு இப்போது பெரும்பாலும் நேரில் பார்க்காமலே நடக்கிறது. பதிவு செய்த முகவரிக்கு மின்னஞ்சல் போனால் ஆணை வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். முத்திரை குத்திய உறை வேண்டியதில்லை, நீங்கள் படித்திருக்க வேண்டியதுகூட இல்லை. வருமான வரி இணையதளத்தில் வெறுமனே ஏற்றிவைத்தால் போதுமா என்பதில் நீதிமன்ற வாதம் உண்டு. அதை நம்பி உறங்காதீர்கள். மின்னஞ்சலை இன்றே மாற்றுங்கள்.

அந்த ஆணையை எதிர்த்து வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 253ஆம் பிரிவில் முன்பு 60 நாள் கெடு இருந்தது. 2024 அக்டோபர் முதல், ஆணை கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதம். இவருக்கு டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. இனி தாமதத்தை மன்னிக்கக் கோரி, பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். பழைய ஆடிட்டரின் முகவரிக்குப் போனதுதான் காரணமென்றால் அதையே எழுதுங்கள், பொய்யான மருத்துவச் சான்றிதழைத் தேடாதீர்கள். தீர்ப்பாய உறுப்பினர்கள் அதை நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து, அவரே எழுதிக் கொண்டுவந்த மனு. தாத்தா கடை தொடங்கியது முதல் கொரோனாக் கால நஷ்டம் வரை பக்கம் பக்கமாக இருந்தது. படிவம் 36இல் முறையீட்டுக் காரணங்கள் சுருக்கமாக, வரிசை எண்ணோடு, வாதமும் கதையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாய விதி 8 சொல்கிறது. அவர் வழக்குக்கு இரண்டே வரி போதும். “நோட்டீஸுக்குப் பதிலில்லை என்று மட்டும் சொல்லி, 250(6) பிரிவு கேட்கும் காரணங்களைப் பதியாமல் முறையீட்டைத் தள்ளியது தவறு.” “கணக்கில் விற்பனையாகக் காட்டிய 14 லட்ச ரூபாய் வங்கி வைப்பை விளக்கமில்லாத பணமென்று 69ஏ பிரிவில் சேர்த்தது தவறு.” முதல் வரியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. இரண்டாவதை விட்டுவிட்டால், பின்னால் அதைப் பேசத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். தயவுசெய்து இரண்டையும் எழுதுங்கள்.

முதல் மேல்முறையீட்டில் கொடுத்த காரணங்களையும் மதிப்பீட்டு ஆணையையும் தேடி எடுத்து இணையுங்கள். கட்டணம், தகராறில் உள்ள வரியைப் பார்த்து அல்ல, அதிகாரி நிர்ணயித்த வருமானத்தைப் பார்த்து. 2 லட்சத்துக்கு மேல் போனால் அதில் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இவருக்கு நிர்ணயித்தது 19 லட்சம் என்பதால் 10,000. மனுப் போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் 500 ரூபாய் கட்டித் தனி மனு போட வேண்டும். இதைச் சொன்னபோது அவர் வங்கிக் கணக்கு ஏற்கெனவே முடக்கப்பட்டிருந்தது.