பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ: விளைச்சல் விகிதம்

சோலார் வேலையில் இருப்பவர்கள் 'பிஆர்' என்று சுருக்கிவிடுவோம். தமிழில் பெரும்பாலும் 'செயல்திறன் விகிதம்' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் குழப்பும். பேனலின் எஃபிஷியன்சியையும் செயல்திறன் என்றுதானே சொல்கிறோம். பேனல் அட்டையில் 21 சதவீதம் என்றும் ஒப்பந்தத்தில் 78 சதவீதம் என்றும் பார்ப்பவருக்கு இரண்டில் எது பொய் என்ற சந்தேகம் வராமல் இருக்காது. இரண்டும் உண்மைதான். வெயிலில் எத்தனை பங்கை பேனல் மின்சாரமாக்கும் என்பது 21. அந்த பேனலை நம்பிப் போட்ட கணக்கில் எத்தனை பங்கு மீட்டருக்கு வந்து சேர்ந்தது என்பது 78.

ஆங்கிலச் சொல்லின் வேரும் இதற்குப் பொருந்துகிறது. 'பெர்ஃபார்ம்' என்பது பழைய பிரெஞ்சில் 'முழுக்கக் கொடுத்து முடித்தல்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 'ரேஷியோ' லத்தீனில் கணக்கு. முடித்துக் கொடுத்ததன் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

1998இல் வந்த ஐஇசி 61724 என்ற சர்வதேசத் தரம் இதை இரண்டு விளைச்சல்களின் வகுத்தலாக வைக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு உண்மையில் கிடைத்த யூனிட் மேலே. விழுந்த வெயிலுக்கு இழப்பே இல்லாமல் கிடைத்திருக்க வேண்டிய யூனிட் கீழே. தரத்திலேயே 'யீல்டு' என்ற சொல் இருப்பதால் 'விளைச்சல் விகிதம்' என்பதே என் தேர்வு. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரிசி மில்காரருக்கு இதை விளக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நூறு கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி என்று தினமும் பார்க்கிறவர் அவர். வெயில்தான் நெல், யூனிட்தான் அரிசி.

அவர் மில் கூரையில் 50 கிலோவாட். பேனலின் அதே சாய்வில் வெயிலை அளக்கும் சின்ன சென்சாரும் உண்டு. வடிவமைப்பு அறிக்கை ஆண்டுக்குச் சொன்ன பிஆர் 78. மார்ச்சில் நான் போனபோது திரையில் 77 என்று நின்றது. மில்காரருக்குத் திருப்திதான், ஆனால் யூனிட் மட்டும் குறைவு என்றார். தினம் 216 யூனிட், அதாவது கிலோவாட்டுக்கு 4.32. சென்சார் காட்டிய வெயில் சதுர மீட்டருக்கு 5.6 யூனிட், இழப்பே இல்லாவிட்டால் ஒரு கிலோவாட் தர வேண்டியதும் அதே 5.6. வகுத்தால் 77 சரிதான்.

மேலே ஏறிப் பார்த்தேன். நெல் அவிக்கும் பாய்லரில் உமி எரிகிறது. அதன் சாம்பல் பேனல் மீது மெல்லிய சாம்பல் நிறப் பூச்சாகப் படிந்திருந்தது. சென்சார் கண்ணாடி மீதும் அதே பூச்சு. சென்சாரை மட்டும் துணியால் துடைத்தேன். மறுநாளும் அதே தெளிந்த வானம், அதே 216 யூனிட். வெயில் மட்டும் 6.1. பிஆர் 71.

"ஏனுங்க, தொடச்சதும் கொறஞ்சு போச்சுங்களே!" என்றார் அவர். குறையவில்லை, இவ்வளவு நாளாக மறைந்திருந்தது அண்ணா என்றேன். பேனலும் சென்சாரும் சேர்ந்தே அழுக்கானால் விகிதம் நன்றாகவே இருக்கும். நெல் மூட்டையைக் குறைத்து எடை போட்ட மாதிரிதான்.

அப்புறம் பேனல்களைக் கழுவினோம். 229 யூனிட், கிலோவாட்டுக்கு 4.58, பிஆர் 75. மிச்ச மூன்று புள்ளி? பேனலின் கிலோவாட் கணக்கு செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. பாலக்காட்டு மார்ச்சில் செல் 55 டிகிரியை எளிதாகத் தொடும். இந்த பேனல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.37 சதவீதம் இழக்கிற ரகம். அறிக்கை ஆண்டுச் சராசரியாக வைத்தது 50 டிகிரி. கூடுதல் ஐந்து டிகிரிக்கு ஏறத்தாழ 1.85 சதவீதம் விட்டுக்கொடுத்தால் 76.5 வருகிறது. மீதி ஒன்றரைப் புள்ளிக்கு நிறுவியவரிடம் சண்டைக்குப் போக முடியாது. சென்சாரின் பிழையே அவ்வளவு இருக்கும்.

இதே காரணத்தால் மாதத்துக்கு மாதம் பிஆரை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆடியில் கணவாய் வழியே மழைக்காற்று வந்து யூனிட் சரியும்போது, செல் குளிர்ந்து பிஆர் ஏறும். சித்திரையில் நேர்மாறு. வடிவமைத்தவர் ஆண்டு எண்ணைத்தான் வாக்காகக் கொடுத்தார். மார்ச் மாத எண்ணைக் காட்டி அவரைப் பிடிக்க வேண்டுமென்றால், முதலில் வெப்பநிலைத் திருத்தம் போட்டாக வேண்டும்.

இப்போது அங்கே பேனலுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் அடிக்கிறார்கள். சென்சார் கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்கப் பாய்லர்காரரிடம் ஒரு துணி கொடுத்திருக்கிறேன்.